உங்கள் பயோவைத் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பயோவை அலுவலகத்தில் நாலு பேர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு வெளியாளிடம் காட்ட வேண்டும்?

அந்த நாலு பேரும் வாசித்தது உங்கள் பயோவை இல்லை. உங்களைப் பற்றி ஏற்கெனவே தங்களுக்குத் தெரிந்ததைத்தான் அந்த வரிகளின் மேல் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் செய்கிறவன். பள்ளிக்கூட விழா மலர், கருத்தரங்கு அழைப்பிதழ், வேலை விண்ணப்பம் என்று வருடத்தில் பல பயோக்கள் கையில் வரும். இந்தப் பக்கம் முழுக்க ஒரேயொரு பயோவை வைத்துத்தான் பேசப்போகிறேன். என் நண்பர் ஒருவர் கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றில் சுவை பார்ப்பவர், டீ டேஸ்டர். பள்ளிக்கூடம் ஒன்றின் தொழில் வழிகாட்டல் நாளுக்குப் பேச அழைத்திருந்தார்கள், பயோ கேட்டிருந்தார்கள். எழுதியதைத் தன் சக ஊழியருக்குக் காட்டினார். அந்த மனிதர் செய்த ஒரே திருத்தம், 17 ஆண்டுகளை 18 ஆக்கியது. அடுத்த நாள் அதையே என் பெரியம்மாவிடம் கொடுத்தோம். பெரியம்மா அவரைக் காணித் தரகர் ஆக்கிவிட்டார். அந்தக் கதை கீழே வருகிறது.

எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வொன்று இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்லது. எல்லாருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது மூன்று. தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டும் சொல்லும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்பவருக்கு வந்துசேர்வது மேசைச் சத்தம் மட்டும். நண்பரின் சக ஊழியருக்கும் அந்த மெட்டுத் தெரியும்.

யாரைப் பிடிப்பது? மனைவியிடம் காட்டினால் போதாதா?

போதாது. பதினெட்டு வருடம் சாப்பாட்டு மேசையில் ஏலக் கதை கேட்டவர் அவர். 'கற்றலொக்' என்றால் ஏலத்துக்கு வரும் தேயிலைகளின் பட்டியல் என்று நண்பரின் மனைவிக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்காரர் அரைத் துறைக்காரர்.

உங்கள் வேலை தெரியாதவராக இருக்க வேண்டும். வாசிக்கும் பழக்கம் இருக்க வேண்டும். மூன்றாவதாக, உங்கள் முகத்துக்காகப் பேசாதவராக இருக்க வேண்டும், அதுதான் கிடைப்பது கஷ்டம். நாங்கள் பிடித்த மூவர்: ஓய்வுபெற்ற ஆசிரியையான என் பெரியம்மா, செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கு எழுதும் ஒருவர், எங்கள் தொடர்மாடியின் கீழ்மாடியில் இருக்கும் ஏ/எல் மாணவி. மூன்றாமவர்தான் அந்த விழாவில் உட்கார்ந்திருக்கப்போகிறவர்களுக்கு மிகக் கிட்ட. அதனால் அவரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். ஆரம்ப வரைவில் இருக்கும் வெளிப்படையான பிழைகளுக்கு நல்ல ஆளைச் செலவழிக்கக் கூடாது.

கொடுத்தாயிற்று. அதன் பிறகு சரியாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் பெயரை எடுத்துவிடுங்கள். "தெரிஞ்ச ஒருத்தர் அனுப்பினவர், ஒருக்காப் பாருங்கோ" என்று இன்னொருவர் கையால் கொடுப்பது இன்னும் நல்லது. எழுதியவர் எதிரில் இருந்தால் வாசிப்பவர் கண் தாளிலும் பாதி, உங்கள் முகத்திலும் பாதி இருக்கும். பெரியம்மாவிடம் தாளைக் கொடுத்தது நான். நண்பர் மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை, தன் வேகத்தில் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பி வாங்கிவிடுங்கள். பலர் விடும் பிழை இங்கேதான். தாள் கையில் இருந்தால் கேட்கும் கேள்விக்கு உங்கள் வரிகளையே உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். தாள் இல்லாவிட்டால், மனதில் தங்கியதைத் தன் சொல்லில்தான் சொல்ல வேண்டிவரும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சொல்.

பிறகு கேள்வி. "விளங்கினதோ?" என்று கேட்காதீர்கள். படித்த மனிதர் எவரும் இல்லை என்று சொல்லமாட்டார். நான் கேட்பது இரண்டு: "இவர் காலமை வேலைக்குப் போய் என்ன செய்வார்?" "இவருக்கு ஆர், எதுக்குக் காசு குடுக்கினம்?" முதல் கேள்விக்கு வினைச்சொல் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. பயோவில் வினை இல்லையென்றால் அங்கே உடனே தெரிந்துவிடும்.

பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "தொழிலைத் தவறாக விளங்கிக்கொண்டார்" என்று நீங்கள் சுருக்கி எழுதினால் பிறகு திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சோதனை நடக்கும்போது விளக்கம் சொல்லவும் கூடாது. வாய் துறுதுறுக்கும், தெரியும். ஒரு விளக்கம் சொன்னதும் அவர் வெளியாள் இல்லாமல் போய்விடுகிறார்.

அது முடிந்ததும் தாளையும் பென்சிலையும் கொடுத்து, பிடித்த இடத்துக்குக் கூட்டல் அடையாளமும் தடக்கிய இடத்துக்குக் கழித்தல் அடையாளமும் போடச் சொல்லுங்கள். இது நெதர்லாந்தில் பொதுத் தகவல் ஏடுகளைச் சோதிக்கிற ஆய்வாளர்கள் கையாண்ட முறை. போட்ட பிறகு ஒவ்வோர் அடையாளத்துக்கும் காரணம் கேட்பார்கள். பயோ போன்ற சின்ன எழுத்துக்கு இந்தப் பகுதி ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது.

"நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால்?

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மற்றக் கேள்வியைக் கேளுங்கள். அதற்கும் "நல்ல பெரிய வேலை போல" என்ற அளவில்தான் பதில் வந்தால், அதுவும் ஒரு தகவல்தான்: பயோவில் பதவி தெரிகிறது, வேலை தெரியவில்லை.

சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து எதைத் திருத்துவது என்று எப்படித் தெரியும்?

நண்பரின் முதல் வரைவு இது:

"கடந்த 18 ஆண்டுகளாகத் தேயிலைத் துறையில் கடமையாற்றிவரும் இவர், கொழும்பிலுள்ள முன்னணித் தரகு நிறுவனமொன்றின் சிரேஷ்ட சுவைஞராவார். உயர்நில, மத்தியநில, தாழ்நிலத் தேயிலைகளின் பெறுமதி மதிப்பீட்டில் ஆழ்ந்த அனுபவம் கொண்ட இவர், பீஓபி, பீஓபிஎஃப் உள்ளிட்ட பல்வேறு தரங்களின் லிக்கர் இயல்புகளை ஆராய்ந்து, உற்பத்தியாளர்களுக்கு ஆலோசனைகளையும் வழங்கிவருகிறார்."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சொன்னது, நான் எழுதியபடியே:

"இவர் தேயிலைத் தோட்டக் காணி வித்துக் குடுக்கிற தரகர். மலைக் காணி, நடுக் காணி, பள்ளக் காணி, எல்லாத்துக்கும் விலை மதிச்சுச் சொல்லுவார். பதினெட்டு வரியமாச் செய்யிறார். அதோட லிக்கர் எண்டும் ஏதோ கிடந்தது. சாராயமும் பாக்கிறவரோ?"

முதலில் சிரித்தோம். பிறகு நண்பர் தன் தாளில் பிழைகளை எண்ணத் தொடங்கினார்: தரகு, நிலம், மதிப்பீடு, லிக்கர். நாலு பிழை, நாலு இடத்திலும் திருத்த வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன்.

பெரியம்மாவின் கதையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அது குழம்பிய கதை இல்லை, ஒழுங்கான கதை. கொழும்பில் தமிழில் 'தரகர்' என்றதும் வருகிறவர்கள் இரண்டே பேர்: கலியாணத் தரகர், காணித் தரகர். தேயிலை என்ற சொல்லோடு சேர்ந்ததால் கலியாணம் விழுந்து, காணி நின்றுவிட்டது. காணி என்று ஆனதும் 'உயர்நிலம்' மலைக்காணி ஆகாமல் வேறென்ன ஆகும்? 'பெறுமதி மதிப்பீடு' என்பதும் காணி வாங்கும்போது வங்கி கேட்கும் சொல்தான். ஆக, முதல் திருப்பத்தில் ஒரு சொல் பிழைத்தது, மற்ற இரண்டும் அதன் பின்னால் ஒழுங்காக நடந்து போயின. 'சுவைஞர்' என்ற சொல் அந்தக் கதைக்குள் அடங்கவில்லை. அதனால் பெரியம்மா அதைச் சொல்லவேயில்லை.

திருப்பிச் சொன்ன கதையில் தேட வேண்டியது முதல் பிழை. அதைத் திருத்தியதும் பின்னால் வந்தவை தாமாக விழுந்துவிடும், விழாதவற்றை மட்டும் பிறகு பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தினால் பயோ விளக்கவுரையாகிவிடும், எந்தத் திருத்தம் வேலை செய்தது என்றும் தெரியாது. சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். இங்கே விடுபட்டது அவருடைய தொழிலின் பெயர்!

'லிக்கர்' தனிப் பிழை. தேயிலைக்காரர்கள் ஊற்றிய சாயத்தை அப்படித்தான் சொல்வார்கள், அவர்களிடம் அதற்கு வேறு பெயரே இல்லை. வெளியே அது மதுக்கடைப் பலகையில் இருக்கும் சொல். பள்ளிக்கூட மேடையில் அந்த ஒரு சொல் ஒலித்திருந்தால் பின்வரிசை எப்படிச் சிரித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விளங்கிவிட்டது என்று சரளமாகச் சொல்கிறார், ஆனால் பிழையாக விளங்கியிருக்கிறாரோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தமில்லாத பிழை என்று இதைச் சொல்வேன், இதுதான் ஆபத்து. தடக்கிய சொல்லைக் காட்டிக்கொடுக்கக் கழித்தல் அடையாளம் இருக்கிறது. தடக்காமல் பிழைத்ததைக் காட்ட ஒன்றும் இல்லை.

'தரங்கள்' என்ற சொல்லுக்குப் பெரியம்மா கழித்தல் போடவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் தேயிலையில் பீஓபி, பீஓபிஎஃப் என்பவை பெரும்பாலும் இலைத்துணுக்கின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கும். பீஓபிஎஃப் என்றால் இன்னும் சிறியது, அவ்வளவுதான். குடிக்க எது நல்லது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. 'உயர்நிலம்' என்பதும் அப்படியே. ஏறத்தாழ 1200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 600க்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. உயர்வும் தாழ்வும் கடல் மட்டத்திலிருந்து எண்ணுவது.

இதைப் பிடிக்க ஒரு கேள்வி போதும்: சந்தேகமான சொல்லை எடுத்து, அதை வைத்து ஒரு முடிவைச் சொல்லக் கேளுங்கள். பெரியம்மாவிடம் கேட்டேன், "அப்ப, உதில எது திறம்?"

"உயர்நிலம்தான். தாழ்நிலம் மலிவாக் கிடக்கும்."

ஒரு கணமும் யோசிக்கவில்லை. தாழ்நிலத் தேயிலை வாங்க மத்திய கிழக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று மாடியிலிருந்து இறங்கிவந்த நண்பர் தொடங்கினார். அவரை உள்ளே அனுப்பிவிட்டேன்.

அவர் சொல்லும் திருத்தத்தை அப்படியே போட்டுவிடலாமா?

பெரியம்மா தந்த திருத்தம்: "தேயிலை விஞ்ஞானி எண்டு போடச் சொல்லு. பிள்ளையள் மதிப்பினம்."

நண்பர் விஞ்ஞானி இல்லை. ஆனால் அந்தத் திருத்தம் வந்த இடம் சரியான இடம். 'சுவைஞர்' என்று நின்ற இடத்தில் பெரியம்மாவுக்கு ஒரு தொழில் தெரியவில்லை. தெரியாத இடத்தைத் தனக்குத் தெரிந்த ஒரு மதிப்பான தொழிலால் நிரப்பிவிட்டார். எங்கே ஓட்டை என்று வெளியாள் காட்டுவார், அதை அடைக்கும் பொருள் அவரிடம் இருக்காது. நகைக்கடைக் கணக்காளரும் அப்படித்தான். "சம்பளம் எவ்வளவெண்டு போட்டால் பிள்ளைகள் கேப்பாங்க" என்றார். சம்பளம் போட முடியாது. ஆனால் 'இவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்' என்ற என் இரண்டாம் கேள்விக்கு பயோவில் பதில் இல்லை என்பதைத்தான் அவர் தன் மொழியில் சொன்னார்.

திருத்தியதை அதே ஆளிடமே மறுபடி காட்டலாமா?

ஒரு தடவை பிழைத்துச் சரியானதை அறிந்தவர் அடுத்த தடவை பிழைக்கமாட்டார். உங்கள் திருத்தம் நன்றாக இருப்பதால் அப்படி ஆகியிருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். புது ஆள் வேண்டும்.

இரண்டாம் வரைவை நண்பர் உற்சாகத்தில் இப்படித் தொடங்கினார்: "குடிப்பதற்கல்ல, துப்புவதற்காகவே தேநீர் பருகுபவர் இவர். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைத்து, கொழும்புத் தேயிலை ஏலத்தில் தேயிலையின் விலையை நிர்ணயிக்கிறார்." எனக்கும் பிடித்திருந்தது, ஒளிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போனோம். கணக்காளர் வாசித்தார், தாளைத் தந்தார், சொன்னார்:

"நூறு கோப்பை டீ குடிச்சுத் துப்புறவரு."

வேறென்ன?

"துப்புறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

ஏலம் போய்விட்டது, விலை போய்விட்டது. ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் தின்றுவிட்டது. இப்படியான வரியைச் சோதனையில்லாமல் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எழுதியவருக்கும் அது பிடிக்கும், வாசித்தவரும் கூட்டல்தான் போடுவார். கணக்காளர் பென்சிலால் இரண்டு கூட்டல் போட்டிருந்தார், இரண்டும் அந்த வரிக்கே. கூட்டல் எங்கே விழுந்தது என்பதையும் நினைவில் எது நின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வரியை வெட்டிவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்கும் பயோ, அது இருந்தால் நல்லது. இடம்தான் பிழை. வேலை என்னவென்று ஒரு வரியில் சொல்லி முடித்த பிறகு வைத்தால், துப்புவது வேலைக்குள் ஒரு விவரமாக அடங்கிவிடும். ஏற்றுமதியாளர் கூட்டத்துக்கு எழுதும் பயோ என்றால் அதை எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். அங்கே எல்லாரும் துப்புகிறவர்கள்.

இப்படி எல்லாவற்றையும் எளிதாக்கினால் துறைக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா?

சிரிப்பது பரவாயில்லை. பிழை என்று சொன்னால்தான் பிரச்சினை, இரண்டாம் வரைவில் அந்தப் பிழை இருந்தது. 'விலையை நிர்ணயிக்கிறார்' என்ற சொல்லைப் பார்த்ததும் அதே சக ஊழியர் சத்தம் போட்டார். விலையைத் தீர்மானிப்பது ஏலத்தில் கேட்கும் வாங்குநர். தரகு நிறுவனத்துச் சுவைஞர் முன்கூட்டியே சுவைத்து, கிலோ என்ன விலைக்குப் போகலாம் என்று மதிப்புச் சொல்வார். ஏலத்தில் அதற்கு மேலும் போகலாம், கீழும் போகலாம்.

பெரியம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று எளிதாக்கும்போது இப்படித்தான் உண்மை கை நழுவும். அதனால் வெளியாள் பார்த்து முடிந்த கடைசி வரைவு துறைக்காரர் ஒருவரிடம் திரும்பப் போக வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உதில பொய் ஏதும் கிடக்கோ?" நடை எப்படி என்று அவரிடம் கேட்காதீர்கள். 'சிரேஷ்ட', 'ஆழ்ந்த அனுபவம்' எல்லாம் திரும்பி வந்துவிடும்.

துறைச் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று அதே வாக்கியத்தில் காட்டலாம். நண்பர் 'ஏலம்' என்பதை வைத்துக்கொண்டார். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020இலிருந்து கூவிக் கேட்பது நின்று கணினித் திரையில் நடக்கிறது. இதெல்லாம் பயோவுக்கு வேண்டாம். ஆனால் வாரந்தோறும் நடக்கிறது என்ற ஒரு சொல் வேண்டும், அது இல்லாவிட்டால் வாசிப்பவர் மனதில் வங்கி நகை ஏலம் வந்து நிற்கும். கணக்காளருக்கு அதுதான் வந்தது, அவர் இருக்கும் தெரு அப்படி.

யாரிடம் காட்டினாலும் "எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம்" என்றுதான் கேட்கிறார்கள். போட வேண்டுமா?

அது பயோவைப் பற்றிய கேள்வி இல்லை, ஆளைப் பற்றிய கேள்வி. பெயரை எடுத்த தாளுக்குக்கூடப் பெரியம்மா "ஆர், எங்கட ஊர்ப் பெடியனோ?" என்றார். பழைய மாணவர் சங்க மலர் என்றால் முதல் வரியிலேயே போடுங்கள். மற்ற இடங்களில் விட்டுவிடலாம், அவர்கள் எப்படியும் விசாரித்து அறிந்துகொள்வார்கள்.

தமிழில் சோதித்துவிட்டேன். ஆங்கில பயோவுக்கும் அந்தத் திருத்தங்களே போதுமா?

இல்லை. பெரியம்மாவைக் காணிக்குக் கூட்டிப்போனது 'தரகு' என்ற தமிழ்ச் சொல். ஆங்கிலத்தில் வாசிக்கிறவருக்கு அதே இடத்தில் பங்குச் சந்தையோ காப்புறுதியோ வரலாம். பிழை வேறு, முதல் திருப்பமும் வேறு. மறுபக்கம், முதல் வரைவில் வேலையைக் காட்டும் வினை இல்லாமல் பதவி மட்டும் நின்ற குறை இரண்டு மொழிக்கும் பொது. எழுத்தின் ஒழுங்கில் உள்ள குறையை ஒரு மொழியில் சோதித்து மற்றதிலும் திருத்தலாம். சொல்லால் வந்த பிழையை அந்தந்த மொழியில்தான் பார்க்க வேண்டும். சிங்களத்துக்கும் இதே கணக்கு.

மேடையில் அறிவிப்பாளர் வாசிக்கப்போகிறார். தாளில் சோதித்தது பலிக்குமா?

பாதிக்குத்தான். கேட்கிறவர் திரும்பிப்போய் வாசிக்க முடியாது. எனவே கடைசிச் சோதனையில் பயோவை நான் சத்தமாக வாசித்தேன், மாணவி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் என்னையே வாசிப்பவனாகச் சோதித்தோம். முதல் வரைவின் "சுவைஞராவார்" வரைக்கும் ஒரே மூச்சில் போக முடியவில்லை, "பீஓபி, பீஓபிஎஃப்" இல் நாக்குத் தடக்கியது. அறிவிப்பாளர் முன்பின் பார்க்காத தாளை எடுத்து வாசிப்பவர். உங்கள் பயோவை முன்பின் பார்க்காத ஒருவரை வாசிக்க வைத்து, அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கேட்டால் வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்று தெரியும்.

எத்தனை பேரோடு நிறுத்திக்கொள்ளலாம்?

நாங்கள் மூன்றோடு நிறுத்தினோம். கடைசி வரைவு இது:

"கொழும்பில் வாரந்தோறும் தேயிலை ஏலம் நடக்கிறது. அதற்கு வரும் தேயிலையை முன்கூட்டியே சுவைத்துப் பார்த்து, கிலோ என்ன விலைக்குப் போகலாம் என்று மதிப்புச் சொல்வது இவருடைய வேலை. தொழிற்சாலைகளின் தேயிலையை ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் 18 வருடமாக இதைச் செய்கிறார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைப்பார், சுவைத்ததும் துப்பிவிடுவார். ஒரு கோப்பையில் கருகல் தெரிந்தால், உலர்த்தும்போது சூடு கூடிவிட்டது என்று அந்தத் தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்புவார்."

'தரகு' போய், அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பது வந்தது. 'மதிப்பீடு' 'மதிப்பு' என்று மிஞ்சியது, ஆனால் சுவைப்பதற்குப் பின்னால் வருவதால் இனிக் காணிக்குப் போகாது. 'உற்பத்தியாளர்களுக்கு ஆலோசனை' என்ற வரிக்குப் பதிலாகக் கருகிய ஒரு கோப்பை வந்தது. உயர்நிலமும் பீஓபியும் முழுதாகப் போய்விட்டன. அவற்றை அவர் பேச்சில் சொல்லட்டும், இலையைக் கையில் வைத்துக்கொண்டு.

கீழ்மாடி மாணவி கேட்டு முடித்துச் சொன்னது: "ஏலத்துக்கு முதல் தேயிலையைச் சுவைச்சுப் பாத்து விலை எவ்வளவு வருமெண்டு சொல்லுவார். குடிக்கமாட்டார், துப்பிடுவார். எரிஞ்சிருந்தா ஃபக்டரிக்குச் சொல்லுவார்." வேலைக்குப் போய் என்ன செய்வார், எதற்குக் காசு என்ற இரண்டுக்கும் பதில் அதற்குள் இருந்தது. பிறகு தானாகவே கேட்டார்:

"அங்கிள், ஒருநாள் தடிமன் வந்து மணமே தெரியாட்டி என்ன செய்வார்?"

அதற்கு பயோவில் பதில் இல்லை, தேவையும் இல்லை. அது அவரை நேரில் கேட்க வேண்டிய கேள்வி. தாளை மடித்து நண்பருக்கு அனுப்பிவிட்டேன், அந்தக் கேள்வியையும் பின்பக்கத்தில் எழுதி.